பி.எம். கிசான் தவணை நின்றுவிட்டால் எந்த அலுவலகத்தில், எதைக் கேட்பது?

*கேள்வி: அப்பாவுக்கு 2019-லிருந்து பி.எம். கிசான் பணம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. 19, 20, 21 ஆகிய மூன்று தவணையும் வரவில்லை. பேங்கில் கேட்டால் "ஆதார் லிங்க் ஆகித்தான் இருக்கு, வேளாண்மை ஆபீஸ்ல கேளுங்க" என்கிறார்கள். அங்கே போனால் "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு, பேங்க்லதான் கோளாறு" என்கிறார்கள். யாரிடம், என்னவென்று கேட்பது? மனு எப்படி எழுதுவது?*

இரண்டு இடத்திலும் உங்களிடம் உண்மையையே சொல்லியிருக்கலாம். அவரவர் திரையில் தெரிவதை அவரவர் சொன்னார்கள். பணம் நின்ற இடமோ அந்த இரண்டு திரைக்கும் வெளியே, நடுவில் இருக்கிறது. "பணம் ஏன் வரலை?" என்று பொதுவாகக் கேட்டால் இருவருமே மற்றவரைக் கைகாட்டத்தான் செய்வார்கள். எந்தப் படியில் நின்றது என்பதை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டு, அதற்கான தாளோடு போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

முதலில் பணம் வரும் வழி. தகுதியுள்ளவர்கள் பட்டியலை மாநில வேளாண்மைத் துறை ஒப்புக்கொண்டு மத்திய அரசுக்கு அனுப்புகிறது. அதை வைத்து டெல்லியில் பணம் செலுத்தும் ஆணை உருவாகிறது. திரையில் FTO என்று வருவது இந்த ஆணைதான். ஆணை மத்திய அரசின் பொது நிதி மேலாண்மை அமைப்பான PFMS வழியாக, பேங்குகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் தேசிய அமைப்பான NPCI-க்குப் போகிறது. NPCI அந்த ஆதார் எண்ணுக்கு நேராகத் தன் பதிவேட்டில் எந்தப் பேங்க் இருக்கிறது என்று பார்த்து அங்கே அனுப்புகிறது. அந்தப் பேங்க், ஆதாரோடு சேர்த்து வைத்திருக்கும் கணக்கில் வரவு வைக்கிறது.

2019-ல் விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணைப் பார்த்து இப்போது பணம் வருவதில்லை. ஆதார்தான் முகவரி. உங்கள் குழப்பத்துக்குப் பெரும்பாலும் வேர் இங்கேதான் இருக்கும்.

வீட்டிலிருந்தே பார்க்க வேண்டிய இரண்டு பக்கங்கள்

முதல் பக்கம் pmkisan.gov.in. அதில் "Know Your Status" என்பதற்குள் போய்ப் பதிவு எண்ணைக் கொடுக்க வேண்டும். எண் நினைவில்லையென்றால் அதே இடத்தில் உள்ள "Know your registration no." மூலம் ஆதார் எண்ணையோ மொபைல் எண்ணையோ கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். ஓ.டி.பி. அப்பாவின் போனுக்கு வரும் என்பதால் அந்த போனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திறக்கும் பக்கத்தில் மூன்று வரிகள் முக்கியம்: "Land Seeding", "e-KYC Status", "Aadhaar Bank account seeding status". ஒவ்வொன்றுக்கும் நேராக ஆம் அல்லது இல்லை என்று இருக்கும். அதற்குக் கீழே ஒவ்வொரு தவணையாகப் பார்க்கலாம். போயிருந்தால் எந்தத் தேதியில், எந்தப் பேங்குக்குப் போனது என்றும், போகாவிட்டால் ஏன் என்றும் அங்கே தெரியும். கடைசி மூன்று தவணையையும் தனித்தனியாகத் திறந்து, மூன்றையும் அச்செடுத்து வையுங்கள். ஒரே காரணத்தால்தான் மூன்றும் நின்றிருக்க வேண்டும் என்றில்லை.

இரண்டாவது பக்கம் ஆதார் ஆணையத்தின் myaadhaar.uidai.gov.in. ஆதாரில் பதிந்த மொபைலுக்கு வரும் ஓ.டி.பி.யைப் போட்டு உள்ளே போய் "Bank Seeding Status" என்பதைத் திறந்தால் சின்னதாக ஒரு விவரம் வரும்: பேங்கின் பெயர், அந்த நிலை Active-ஆ Inactive-ஆ, கடைசியாக மாறிய தேதி. NPCI பதிவேட்டில் அப்பாவின் ஆதாருக்கு நேராக என்ன இருக்கிறது என்பது இதுதான். ஸ்மார்ட்போனும் இணையமும் கைகூடாவிட்டால், ஆதாரில் பதிந்த மொபைலிலிருந்து `*99*99*1#` அழுத்தியும் கேட்கலாம். ஆனால் தேதியோடு தெரிவதால் ஆதார் பக்கமே மேல்.

அந்தத் தேதியைத் தவணைத் தேதிகளோடு ஒட்டிப் பாருங்கள். 18-ஆம் தவணை 2024 அக்டோபர் 5 அன்று வெளியானது. 19-ஆவது 2025 பிப்ரவரி 24, 20-ஆவது 2025 ஆகஸ்ட் 2, 21-ஆவது 2025 நவம்பர் 19. கடைசியாகச் சொன்னது கோயம்புத்தூரில் பிரதமர் வந்து வெளியிட்டது. அப்பாவுக்கு 18 வரை வந்து 19-லிருந்து வரவில்லை என்றால், 2024 அக்டோபருக்கும் 2025 பிப்ரவரிக்கும் நடுவில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. அதைத்தான் தேடுகிறோம்.

மூன்று வரியும் "Yes", பணம் மட்டும் இல்லை என்றால்

வேளாண்மை அலுவலகம் "எல்லாம் சரி" என்று சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் நிலை இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம்.

அப்பாவின் பழைய கணக்கு ஒரு பொதுத்துறை பேங்கில் இருக்கிறது. ஆதார் பக்கத்தைத் திறந்தால் வேறு ஒரு பேங்கின் பெயர் வருகிறது, நிலை Active, தேதி 2025 ஜனவரி. கிசான் பக்கத்தில் 19, 20, 21 மூன்று தவணையையும் திறந்தால் பணம் போய்விட்டதாகவும், அந்த இரண்டாவது பேங்கின் பெயரும் தெரிகிறது. அப்படியானால் பணம் நிற்கவே இல்லை. 6,000 ரூபாயும் அப்பா மறந்துபோன ஒரு கணக்கில் கிடக்கிறது.

இது எப்படி நேரும்? சிம் கார்டு வாங்கப் போன இடத்தில், கேம்ப் போட்டுக் கணக்குத் திறந்த இடத்தில், குழுக் கடனுக்குக் கையெழுத்துப் போட்ட இடத்தில், புதிய கணக்கு ஒன்று திறந்திருப்பார்கள். "அரசு மானியங்களை இந்தக் கணக்கில் பெறச் சம்மதம்" என்ற வரிக்கும் சேர்த்துக் கைரேகை வாங்கியிருப்பார்கள். NPCI பதிவேட்டில் ஓர் ஆதாருக்கு ஒரு பேங்க் மட்டுமே இருக்க முடியும். கடைசியாகச் சேர்த்தது எதுவோ அதுவே நிற்கும், முன்னது தானாக விழுந்துவிடும். 2017-ல் ஒரு மொபைல் நிறுவனத்தின் பேமென்ட்ஸ் பேங்கில் இப்படித்தான் லட்சக்கணக்கானவர்களின் சமையல் எரிவாயு மானியம் அவர்களுக்கே தெரியாமல் போய்ச் சேர்ந்தது. ஆதார் ஆணையம் தலையிட்டு அதன் ஆதார் சரிபார்ப்பு உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்திய பிறகே பணம் திரும்பியது.

பழைய பேங்க் "லிங்க் ஆகித்தான் இருக்கு" என்று சொல்வதும் பொய்யல்ல. அவர்கள் சொல்வது கே.ஒய்.சி.க்காக வாடிக்கையாளர் விவரத்தில் ஆதார் எண் ஏறியிருப்பதை. அது எத்தனை பேங்கில் வேண்டுமானாலும் இருக்கலாம். மானியம் வருவதற்கு அது போதாது, NPCI பதிவேட்டில் அந்தப் பேங்கின் பெயர் நிற்க வேண்டும். கவுன்ட்டரில் இரண்டுக்கும் "ஆதார் லிங்க்" என்ற ஒரே பேச்சுதான் புழங்குகிறது. அதனால் நீங்கள் கேட்கும்போது "லிங்க் ஆகியிருக்கா?" என்று கேட்காதீர்கள். "NPCI மேப்பரில் உங்க பேங்க் பேரு ஆக்டிவா இருக்கா? டி.பி.டி.க்கு சீடிங் பண்ணியிருக்கீங்களா?" என்று கேளுங்கள். மேப்பர் என்பது அந்தப் பதிவேடு, டி.பி.டி. என்பது அரசுப் பணம் நேரடியாகக் கணக்குக்கு வருவது, சீடிங் என்பது அந்தப் பதிவேட்டில் ஆதாரோடு பேங்கைச் சேர்ப்பது. ஆதார் பக்கத்தின் அச்சையும் மேசையில் வைத்துவிடுங்கள்.

செய்ய வேண்டியது இரண்டு. அந்த இரண்டாவது பேங்குக்கு அப்பாவோடு போய்ப் பணத்தை எடுங்கள். பாஸ்புக் இல்லை, கணக்கு எண் தெரியவில்லை என்றாலும் ஆதாரை வைத்து அவர்களால் கண்டுபிடிக்க முடியும். பிறகு, பணம் பழைய கணக்கிலேயே வர வேண்டும் என்றால், பழைய பேங்கில் டி.பி.டி. ஆதார் சீடிங் சம்மதப் படிவத்தைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். அந்தப் படிவத்தில் புதிதாகச் சேர்ப்பதா, வேறு பேங்கிலிருந்து மாற்றுவதா என்று கேட்கும் பகுதி இருக்கும். மாற்றுவது என்பதைக் குறித்து, இப்போது பதிவேட்டில் நிற்கும் பேங்கின் பெயரைத் தவறாமல் எழுத வேண்டும். அந்த இடத்தைக் காலியாக விட்டுக் கொடுத்த படிவங்கள்தான் திரும்பத் திரும்பத் தள்ளுபடியாகின்றன. படிவத்தின் நகலில் பேங்க் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். இதையே npci.org.in தளத்தில் "Bharat Aadhaar Seeding Enabler" என்ற பக்கத்திலும் செய்யலாம். எல்லா பேங்குகளும் அதில் இல்லை, அதனால் உங்கள் பேங்க் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

ஆதார் பக்கத்தில் பழைய பேங்கின் பெயரே நிற்கிறது, Active-ஆகவும் இருக்கிறது, கிசான் பக்கத்திலும் பணம் போனதாக இருக்கிறது என்றால் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். NPCI பதிவேட்டில் பேங்கின் பெயர்தான் இருக்கும், கணக்கு எண் இருக்காது. அந்தப் பேங்கில் அப்பாவுக்கு இரண்டு கணக்கு இருந்தால் எதில் போடுவது என்பதை பேங்கே தன் பதிவில் வைத்திருக்கும். சேமிப்புக் கணக்கின் பாஸ்புக்கை மட்டும் வரவு போட்டுப் பார்த்துவிட்டு "வரலை" என்று திரும்புகிறவர்கள் அநேகம். பணம் எப்போதோ திறந்த பூஜ்ய இருப்புக் கணக்கில் விழுந்திருக்கும். கவுன்ட்டரில் கணக்கு எண்ணைக் கொடுத்துக் கேட்காமல், "இந்த ஆதாருக்கு எந்தக் கணக்கில் டி.பி.டி. வரவு வருது?" என்று கேளுங்கள்.

"Aadhaar Bank account seeding" வரியில் "No" என்றால்

ஆதார் பக்கத்தில் Inactive என்றோ, பேங்கின் பெயரே இல்லாமலோ இருக்கும். இது முழுக்க பேங்க் வேலை. வேளாண்மை அலுவலகத்துக்கு நடப்பதில் பயனில்லை, அவர்களால் இந்த ஒரு வரியை மாற்றவே முடியாது.

பேங்க் தானாகவே பதிவேட்டிலிருந்து எடுத்துவிடுவதற்கு வழக்கமான காரணம் கே.ஒய்.சி. புதுப்பிக்காமல் விட்டதால் கணக்கு முடக்கப்பட்டிருப்பது. அப்பாவுக்கு எஸ்.எம்.எஸ். வந்திருக்கும், ஆங்கிலத்தில் இருந்ததால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இன்னொரு காரணம், நெடுநாள் பணம் எடுக்காமல் போடாமல் கணக்கு செயலற்றதாக வகைப்படுத்தப்பட்டிருப்பது. பொதுவாக இரண்டு ஆண்டு கொடுக்கல் வாங்கல் இல்லையென்றால் அப்படி ஆகும். ஆனால் அரசு நேரடி மானியம் வருவதற்காகத் திறந்த பூஜ்ய இருப்புக் கணக்குகளை அந்த விதியிலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. அப்பாவின் கணக்கு அந்த வகை என்றால் மேலாளரிடம் இதைச் சொல்லலாம். முதலில் கே.ஒய்.சி.யைப் புதுப்பித்து, கணக்கை உயிர்ப்பித்து, அதற்குப் பிறகு சீடிங் படிவம் கொடுங்கள். வரிசை மாறினால் படிவம் திரும்பிவிடும்.

பேங்க் இழுத்தடித்தால் எழுத்து மூலம் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, வந்த பதில் சரியில்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமில்லாமல் புகார் போடலாம். அதற்கு அந்த முதல் புகாரின் ஒப்புகை அவசியம்.

"Land Seeding" அல்லது "e-KYC" வரியில் "No" என்றால்

இ-கே.ஒய்.சி. எளிது. ஆதாரில் மொபைல் எண் இருந்தால் அதே கிசான் தளத்தில் ஓ.டி.பி. மூலம் முடியும். இல்லையென்றால் பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைத்து முடிக்கலாம். உழைத்துத் தேய்ந்த கையில் ரேகை விழாவிட்டால் பி.எம். கிசான் மொபைல் செயலியில் முகத்தைக் காட்டி முடிக்கும் வழி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் "பிஎம் கிசான்" ஏ.பி.கே. கோப்புகளை மட்டும் தொடாதீர்கள். அவை பேங்க் கணக்கைச் சுரண்டுவதற்கென்றே சுற்றுகின்றன. பிளே ஸ்டோரிலிருந்து எடுப்பதே பாதுகாப்பு.

நிலம் சம்பந்தப்பட்ட வரிதான் நேரம் பிடிக்கும். இது வேளாண்மைத் துறையும் வருவாய்த் துறையும் சேர்ந்த விஷயம். விண்ணப்பத்தில் உள்ள பெயரும் சர்வே எண்ணும் பட்டாவோடு ஒத்துப்போக வேண்டும். தமிழ்நாட்டில் இது இடிப்பதற்குப் பழக்கமான காரணங்கள் உண்டு. பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும், அப்பா உழுதுகொண்டிருப்பார். அல்லது கூட்டுப் பட்டாவாக இருக்கும். அல்லது உட்பிரிவு ஆகி சர்வே எண் மாறியிருக்கும், விண்ணப்பத்தில் பழைய எண்ணே நிற்கும். பெயரும் ஒரு தொல்லை: ஆதாரில் அப்பா பெயர் முழுதாகவும், பட்டாவில் முன்னெழுத்தோடும், கிசான் பதிவில் முன்னெழுத்தே இல்லாமலும் இருக்கும்.

eservices.tn.gov.in தளத்தில் பட்டா நகலை எடுத்து, கிசான் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டா அப்பா பெயரில் சரியாக இருந்தால், பட்டா நகல், ஆதார், பாஸ்புக் முதல் பக்கம் ஆகியவற்றோடு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் உங்கள் ஊரைக் கவனிக்கும் உதவி வேளாண்மை அலுவலரைப் பாருங்கள். 2025 முதல் துறை பதிந்துவரும் விவசாயிகளுக்கான தனி அடையாள எண் அப்பாவுக்கு இருக்கிறதா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். பட்டா தாத்தா பெயரில் இருந்தால் வேளாண்மை அலுவலகத்தில் எதுவும் நகராது. வாரிசுச் சான்றோடு பட்டா மாறுதலுக்கு முதலில் விண்ணப்பிக்க வேண்டும்.

நிலத்தை அப்பா எப்போது பெற்றார் என்பதும் கேள்வியாகும். திட்டத்தின் கட்-ஆஃப் தேதி 2019 பிப்ரவரி 1. அதற்குப் பிறகு வாங்கிய நிலத்துக்குப் பயன் கிடையாது. உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. கணவன், மனைவி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம், அதில் ஒருவருக்குத்தான் பணம். 2025-ல் மத்திய அரசு இந்த இரண்டு விதிக்கும் பொருந்தாதவர்களாகச் சந்தேகப்பட்டவர்களின் தவணையை, நேரில் சரிபார்க்கும் வரை நிறுத்தி வைத்தது. அம்மா பெயரிலும் நிலமும் பதிவும் இருந்தால், அப்பாவின் பணம் நின்றதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். கடந்த மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியவர்களும், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் பெறுபவர்களும் தகுதியிழப்பார்கள். ஓய்வூதிய விதியில் கடைநிலை ஊழியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு விலக்கு உண்டு. கடனுக்காக யாரோ சொல்லிக் கொடுத்து வரிக் கணக்குத் தாக்கல் செய்ததில் சில நூறு ரூபாய் வரி கட்டிய விவசாயிகளும் இதில் மாட்டியிருக்கிறார்கள்.

இந்த மேசையில் அலுவலர்கள் தயங்குவதற்கு ஒரு பின்னணி உண்டு. 2020-ல் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் விவசாயிகளே அல்லாத லட்சக்கணக்கானவர்களின் பெயர் இந்தத் திட்டத்தில் ஏற்றப்பட்டு, சி.பி.சி.ஐ.டி. விசாரணை வரை போனது. அதன் பிறகு ஆவணம் இல்லாமல் வாய்மொழியாக எதையும் "சரி" போட யாரும் முன்வருவதில்லை. ஆகவே எல்லாவற்றையும் தாளில் கொண்டு போங்கள்.

மனு

மனு யாருக்கு என்பது மேலே எந்த வரி "No" என்பதைப் பொறுத்தது. வேளாண்மைப் பக்கம் என்றால் வட்டார வேளாண்மை உதவி இயக்குநருக்கு, நகல் மாவட்ட வேளாண்மை இணை இயக்குநருக்கு. பேங்க் என்றால் கிளை மேலாளருக்கு. அப்பா பெயரில், அப்பா கையெழுத்தோடு இருக்கட்டும். நீளமாக எழுத வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

> பொருள்: பி.எம். கிசான் 19, 20, 21-ஆம் தவணைகள் வராதது குறித்து.
>
> ஐயா, என் பி.எம். கிசான் பதிவு எண் ________. 18-ஆம் தவணை வரை பணம் பெற்றேன். 19, 20, 21-ஆம் தவணைகள் வரவில்லை. ________ தேதியில் இணையத்தில் பார்த்தபோது இ-கே.ஒய்.சி., ஆதார் வங்கி இணைப்பு இரண்டும் சரியாக உள்ளன. நில விவரம் மட்டும் "No" என்று உள்ளது (அச்சு நகல் இணைப்பு 1). ________ கிராமம், சர்வே எண் ________ நிலத்தின் பட்டா என் பெயரில் உள்ளது (இணைப்பு 2). என் நில விவரத்தைச் சரிபார்த்துப் பதிவு செய்யவும், நிலுவையில் உள்ள மூன்று தவணைகளுக்கும் பரிந்துரைக்கவும், எடுத்த நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்கவும் வேண்டுகிறேன்.

"நிலுவைத் தவணைகளுக்கும்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். தகுதியுள்ளவருக்கு ஏதோ காரணத்தால் ஒரு தவணை வராமல் போனால், காரணம் நீங்கியதும் நிலுவைத் தவணைகளும் தரப்பட வேண்டும் என்பது திட்டத்தின் விதி. பலர் அடுத்த தவணை வந்தாலே போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரை, தேதி வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் சண்டை வேண்டாம், ஒப்புகை வசதியோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுங்கள். ஆதார் நகலில் முதல் எட்டு இலக்கத்தை மறைத்துக் கொடுக்கலாம். எண் முழுதாக வேண்டியவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

பதிலில்லை என்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுங்கள். திங்கட்கிழமை மனு நாளைவிட இதற்கு அதுவே பொருத்தம், ஏனென்றால் வேளாண்மை இணை இயக்குநரும் அங்கே இருப்பார். கோளாறு டெல்லிப் பக்கம் என்றால், அதாவது மூன்று வரியும் "Yes" ஆக இருந்து தவணையில் "FTO is Generated and Payment confirmation is pending" என்று மாதக்கணக்கில் நின்றால், ஊர் அலுவலகத்தால் ஒன்றும் செய்ய முடியாது. 155261 என்ற உதவி எண்ணில் பதிந்துவிட்டு, pgportal.gov.in தளத்தில் மத்திய வேளாண்மைத் துறையைத் தேர்ந்தெடுத்துப் புகார் போடுங்கள்.

தகவல் உரிமைச் சட்டம்

மனு கொடுத்து ஒரு மாதம் போல ஆகியும் அசைவில்லை என்றால் இதை எடுங்கள். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். மாநில அரசு அலுவலகத்துக்குக் கோர்ட் ஃபீ வில்லை ஒட்டியே அனுப்பலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் சான்றை இணைத்தால் கட்டணம் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும்.

இந்தச் சட்டத்தில் கிடைப்பது அலுவலகத்தின் பதிவில் இருக்கும் தகவல்தான். "ஏன் எனக்குப் பணம் தரவில்லை?" என்று எழுதினால் விளக்கம் கேட்கும் கேள்வி என்று தள்ளிவிட முடியும். பதிவைக் கேட்டால் தட்டிக்கழிப்பது கடினம்: "பதிவு எண் ________-க்கு 19, 20, 21-ஆம் தவணைகளில் மாநில அரசு ஒப்புதல் அளித்த தேதிகள், ஒப்புதல் அளிக்காவிட்டால் அதற்காகப் பதிவு செய்யப்பட்ட காரணத்தின் நகல், என் ________ தேதியிட்ட மனு மீது எழுதப்பட்ட அலுவலகக் குறிப்பின் நகல், அந்த மனு இப்போது எந்தப் பதவியில் உள்ள அலுவலரிடம் உள்ளது" என்று கேளுங்கள். மனு மீதான குறிப்பைக் கேட்பதுதான் வேலை செய்யும். குறிப்பே இல்லை என்று கையெழுத்துப் போட்டுப் பதில் தர எந்த அலுவலருக்கும் விருப்பமிருக்காது, மனு அதற்குள் நகரத் தொடங்கும்.

விண்ணப்பம் அப்பா பெயரிலேயே போக வேண்டும். நீங்கள் உங்கள் பெயரில் கேட்டால் மூன்றாம் நபரின் சொந்த விவரம் என்று மறுக்கலாம். ஒன்றிய அரசின் rtionline.gov.in தளத்தில் மாநில அலுவலகத்துக்கான விண்ணப்பத்தைப் போடாதீர்கள், அது மத்திய அமைச்சகத்துக்கும் மத்திய அரசு நிறுவனங்களுக்கும் மட்டும். பொதுத்துறை பேங்கிடமும் இதே சட்டத்தில் கேட்கலாம், தனியார் பேங்கிடம் முடியாது. 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, அரைகுறையாக வந்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு போட வேண்டும்.

கோளாறு சரியானதும் அடுத்த நாளே பணம் வராது. பேங்க் சீடிங் செய்தபின் ஆதார் பக்கத்தில் பெயர் மாறுவதற்குச் சில வேலை நாள் ஆகும், கிசான் பக்கத்தில் "Yes" என்று விழ இன்னும் தாமதமாகும். பணம் பெரும்பாலும் அடுத்த தவணை வெளியாகும்போதுதான் நகரும். அப்போது 2,000 ரூபாய் மட்டும் வந்திருந்தால், நிலுவைத் தவணைகளைத் தனித்தனியாகத் திறந்து பாருங்கள். அவை அதே நிலையில் நின்றால், முத்திரை வாங்கிய பழைய மனுவின் நகலை இணைத்து நிலுவைக்கு மட்டும் இரண்டாவது மனு ஒன்றைக் கொடுங்கள்.